வேகத்தைக் கூட்டும் முன் ஒரு தராசு

முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்குகிறவர்களின் கண் முதலில் போவது, வினாடிக்கு 300 மில்லிமீட்டர், 500 மில்லிமீட்டர் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகத்தின் மீதுதான். அது இயந்திரத்தின் தலை ஓடக்கூடிய வேகம். அந்தத் தலைக்குள் பிளாஸ்டிக் எவ்வளவு வேகத்தில் உருகும் என்பது வேறு கணக்கு. அதைப் பார்க்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால், வெளிவரும் பொருள் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் கையில் எடுத்து வளைத்தால் லேயர் லேயராகப் பிரிந்துவிடும்.

உருகும் வேகத்தைக் கன மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். லேயரின் உயரம், கோட்டின் அகலம், தலையின் வேகம் இம்மூன்றையும் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன மில்லிமீட்டர் பிளாஸ்டிக் வெளியே வரவேண்டும் என்பது கிடைத்துவிடும். 0.2 மி.மீ. உயரம், 0.45 மி.மீ. அகலம், வினாடிக்கு 60 மி.மீ. வேகம் என்றால் 5.4 கன மில்லிமீட்டர். அதே கோட்டை 150 மி.மீ. வேகத்தில் போட 13.5 தேவை. லேயரையும் 0.28 ஆக்கிவிட்டால் தேவை 18.9 ஆகிவிடும். இ3டி நிறுவனத்தின் வி6 வகை ஹாட்எண்டில் 0.4 மி.மீ. பித்தளை நாசில் போட்டு பிஎல்ஏ ஓட்டினால், பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்துக்குள் மூச்சு வாங்கத் தொடங்கும். முதல் கணக்கு அதற்கு எளிது, இரண்டாவது விளிம்பு, மூன்றாவது அதனால் முடியாதது.

ஏன் முடியாது? ஹீட்டர் போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வினாடிக்கு 13.5 கன மில்லிமீட்டர் பிஎல்ஏ என்பது 17 மில்லிகிராம்கூட இல்லை. அதை அறை வெப்பத்திலிருந்து 210 டிகிரிக்குக் கொண்டுபோக ஆறேழு வாட் போதும். ஹாட்எண்டில் இருப்பதோ வழக்கமாக 40 வாட் ஹீட்டர். எனவே சூட்டுக்குப் பஞ்சமில்லை, அது பிளாஸ்டிக்கின் நடுப்பகுதி வரை போய்ச் சேரத்தான் நேரமில்லை. பிளாஸ்டிக் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். 1.75 மி.மீ. ஃபிலமென்டின் குறுக்குவெட்டு 2.405 சதுர மில்லிமீட்டர். 5.4 கன மில்லிமீட்டர் ஓட்டத்தில் அது வினாடிக்கு 2.25 மி.மீ. இறங்குகிறது. சூடான பகுதியின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உருகுவதற்கு ஆறரை வினாடிக்கு மேல் கிடைக்கிறது. 13.5-இல் கிடைப்பது மூன்று வினாடிக்கும் குறைவு. பெருந்தீயில் சுட்ட கிழங்கைப் போல மேல்புறம் இளகி, நடுத்தண்டு வேகாமலே நாசிலின் வாய்க்கு வந்து நிற்கிறது. அதைத் தள்ளிவிட எக்ஸ்ட்ரூடரின் பல்சக்கரம் கூடுதலாக அழுத்தவேண்டியிருக்கிறது. அழுத்தம் ஏற ஏறப் பல் ஃபிலமென்டில் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறது. திரையில் வெப்பநிலை அசையாமல் 210 என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் சென்சார் அளப்பது உலோகக் கட்டியின் சூட்டை, பிளாஸ்டிக்கின் சூட்டை அல்ல.

இங்கேதான் ஒரு பழக்கம் ஆளை ஏமாற்றுகிறது. எக்ஸ்ட்ரூடர் "டக், டக்" என்று சத்தம் போடும் வரை வேகத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொள்வார்கள். அந்தச் சத்தம் மிகவும் தாமதமாக வருவது. மோட்டார் படி தவறுவதற்கு வெகுமுன்பே வழுக்கல் தொடங்கிவிடும், நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு பிளாஸ்டிக் குறைந்து வந்துகொண்டிருக்கும். அந்தக் குறைவைக் காது பிடிக்காது. நகைக்கடைகளில் இருப்பதைப் போன்ற, 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு பிடித்துவிடும்.

சோதனை எளியது. ஒரே நீளமுள்ள ஃபிலமென்டை வெவ்வேறு வேகத்தில் காற்றில் பிழிந்து, ஒவ்வொரு முறையும் விழுந்த பிளாஸ்டிக்கை எடைபோட வேண்டும். 200 மி.மீ. நீளம் நல்ல அளவு. பிஎல்ஏவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.24 கிராம், ஆகவே 200 மி.மீ. ஏறக்குறைய 0.60 கிராம் இருக்கவேண்டும். வேகத்துக்கான கணக்கும் மனதில் நிற்கக்கூடியது: வேண்டிய கன மில்லிமீட்டரை 25-ஆல் பெருக்கினால், 1.75 மி.மீ. ஃபிலமென்டுக்குக் கட்டளையில் போடவேண்டிய `F` எண் வந்துவிடும். 5-க்கு 125, 10-க்கு 250, 16-க்கு 400.

தலையை மேடையிலிருந்து நன்றாக உயர்த்திவிட்டு, நீங்கள் வழக்கமாக அச்சிடும் வெப்பநிலையை வைக்க வேண்டும். பொருளைக் குளிரவைக்கும் விசிறியும் அச்சிடும்போது எப்படிச் சுழலுமோ அப்படியே சுழலட்டும். சிறிது பிழிந்து, வந்ததை வழித்து எறிந்த பிறகு, கணினியிலிருந்து இதை அனுப்பலாம்:

```
M83
G1 E100 F250
G1 E100 F250
```

நூறு நூறாகப் பிரித்திருப்பது, ஒரே கட்டளையில் நீளமாகத் தள்ளுவதைப் பல ஃபர்ம்வேர்கள் தடுப்பதால். கிளிப்பரில் எதையும் மாற்றாவிட்டால் 50 மி.மீ.க்கு மேல் விடாது. அதில் `max_extrude_only_distance` என்ற அளவை 100-க்கு மேல் உயர்த்திக்கொள்ள வேண்டும். விழுந்த சுருளைக் கிடுக்கியால் எடுத்து எடைபோட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வேகத்துக்குப் போகலாம். ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு மூன்று சுருள் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. 0.6 கிராமில் 0.01 கிராம் பிசகினாலே அது ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் ஆகிவிடும்.

வரக்கூடிய எண்களை ஒரு மாதிரிக்குப் பார்ப்போம். 215 டிகிரியில் பிஎல்ஏ, ஓட்டம் 5-லும் 8-லும் 0.59 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 10-இல் 0.58, 12-இல் 0.57, 14-இல் 0.54, 16-இல் 0.49, 18-இல் 0.41, சத்தம் அங்கேதான் கேட்கிறது. ஒப்பிடவேண்டியது புத்தகத்தில் உள்ள 0.60-உடன் அல்ல, மெதுவாகப் பிழிந்தபோது உங்களுக்கே கிடைத்த 0.59-உடன். ஃபிலமென்ட் 1.75-க்குப் பதில் 1.70 மி.மீ. இருந்தாலே எடை ஐந்தரை விழுக்காடு குறையும். சாயமும் மரத்தூளும் கலந்தவற்றின் அடர்த்தியும் மாறும். 0.59-ஐ வைத்துப் பார்த்தால் 12-இல் இழப்பு மூன்றரை விழுக்காடு, 14-இல் எட்டரை, 16-இல் பதினேழு. ஐந்து விழுக்காட்டை எல்லையாக வைத்தால் விடை 12. சத்தத்தை நம்பியிருந்தால் 16 அல்லது 17 என்று முடிவுகட்டியிருப்போம். அந்த இடைவெளியில் அச்சான ஒவ்வொரு பொருளிலும் ஆறில் ஒரு பங்கு பிளாஸ்டிக் இருந்திருக்காது.

எண்கள் வேறுமாதிரி வந்தால் அதற்கும் பொருள் உண்டு. மெதுவாகப் பிழியும்போதே எடை 0.60-ஐ விட்டு வெகுதூரம் விலகியிருந்தால், உருகலில் குறை தேட வேண்டாம். எக்ஸ்ட்ரூடர் சொன்ன நீளத்தைத் தள்ளுகிறதா, ஃபிலமென்டின் விட்டம் சரியா, நாசில் பாதி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மெதுவில் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் எடை சரிந்தால், வெப்பநிலையைப் பத்து டிகிரி உயர்த்தி அதே வேகத்தில் மறுபடி பிழிய வேண்டும். எடை மீண்டுவந்தால் உருகும் நேரம்தான் தடை. மீளாவிட்டால் பல்சக்கரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பிளாஸ்டிக் பொடி படிந்திருந்தால், பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். பிழியும்போது சுருளில் குமிழ்கள் வெடித்தால் ஃபிலமென்ட் ஈரம் குடித்திருக்கிறது. உலர்த்திய பிறகே சோதனைக்கு மதிப்பு.

காற்றில் பிழிவதற்கும் அச்சிடுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சிடும்போது நாசிலின் வாய்க்குக் கீழே 0.2 மி.மீ. தொலைவில் முந்தைய லேயர் இருக்கிறது, அது எதிர்த்து அழுத்துகிறது. அதனால் தராசு சொன்ன 12-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பத்துப் பதினைந்து விழுக்காடு கழித்து 10.5 என்று வைப்பதே என் பரிந்துரை. இதை உறுதிசெய்யவும் வழியிருக்கிறது. ஓர்க்கா ஸ்லைசரில் இதற்கென்றே ஒரு சோதனை அச்சு இருக்கிறது. ஒற்றைச் சுவராக எழும்பும் அந்த வடிவத்தில், உயரம் கூடக் கூட ஓட்டமும் கூடிக்கொண்டே போகும். எந்த உயரத்தில் சுவர் மெலிகிறது, பளபளப்பு மங்குகிறது, இடையில் ஓட்டை விழுகிறது என்று பார்த்துக் கணக்கிடலாம். கண் கொஞ்சம் தாராளமாக மதிப்பிடும் என்பதால், இதைத் தனியாக நம்புவதைவிடத் தராசுக்குத் துணையாக வைத்துக்கொள்வது நல்லது.

கிடைத்த எண் அந்த ஹாட்எண்ட், அந்த நாசில், அந்த ஃபிலமென்ட், அந்த வெப்பநிலை நான்குக்கும் சேர்த்தே உரியது. பிஇடிஜிக்குப் பொதுவாகக் குறைவாக வரும், ரப்பர் போன்ற டிபியுவுக்கு இன்னும் குறைவு. உருகும் பகுதியை நீளமாக்கிய வால்கேனோ வகையிலும், ஃபிலமென்டை உள்ளேயே மூன்று ஓடையாகப் பிரித்து நடுப்பகுதிக்கும் சூடு போகச்செய்யும் பான்ட்டெக் சிஎச்டி நாசிலிலும் எண் நன்றாக உயரும். மாற்றினால் மறுபடி எடைபோட வேண்டியதுதான்.

இந்த 10.5-ஐ ஸ்லைசரில் ஃபிலமென்ட் அமைப்புக்குள் `Max volumetric speed` என்ற இடத்தில் போட்டால், அதைத் தாண்டும் கோடுகளின் வேகத்தை ஸ்லைசரே குறைத்துக்கொள்ளும். 0.2 மி.மீ. லேயரில் உச்சவேகம் 117 மி.மீ. அளவில் நிற்கும், 0.28-இல் 83. லேயரை 0.12 ஆக்கினால் 194 வரை விடும். ஆனால் நேரம் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய கோடு என்பதால் கோடுகளின் எண்ணிக்கை கூடிவிடும்.

100 கிராம் பிஎல்ஏ பொருள் என்றால் 80,645 கன மில்லிமீட்டர். அதை 10.5-ஆல் வகுத்தால் 7,680 வினாடி, அதாவது 2 மணி 8 நிமிடம். தலை எவ்வளவு வேகமாக ஓடக்கூடியதாக இருந்தாலும், இந்த ஹாட்எண்டில் இந்தப் பொருள் அதற்குமுன் முடியாது. வளைவுகளில் வேகம் குறைவதையும் இடையே சும்மா நகர்வதையும் சேர்த்தால் இன்னும் நீளும். அதே பொருளுக்கு ஸ்லைசர் ஒன்றரை மணி நேரம் என்று காட்டினால், அந்தப் பெட்டியில் எண் போடவில்லை, அல்லது வேறொரு ஹாட்எண்டுக்கான எண் அங்கே உட்கார்ந்திருக்கிறது.