‘எல் சைஸ்’னா எத்தனை இன்ச்? ரிட்டர்னைக் குறைக்கிற சைஸ் சார்ட்

சின்ன ஆன்லைன் துணிக்கடைகளுக்கு ப்ராடக்ட் விவரமும் சைஸ் சார்ட்டும் எழுதிக் கொடுக்கிறது என் வேலை. இன்னைக்கு ஒரே ஒரு குர்த்தியை எடுத்துக்கிட்டு, அதுக்கு சைஸ் சார்ட் எப்படிப் போடணும்னு முழுசாப் பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட் கட், ரேயான் துணி, ஸ்ட்ரெட்ச் கிடையாது, பக்கத்துல ஸ்லிட் இருக்கு. விலை 699 ரூபாய்.

முதல்ல காசுக் கணக்கு. எல்லாச் செலவும் போக இதுல 150 ரூபாய் லாபம்னு வச்சுக்குவோம். போற கூரியர் 70 ரூபாய், திரும்பி வர்ற கூரியர் 80 ரூபாய். ஒரு குர்த்தி திரும்பி வந்தா, நல்லபடியா வித்த இன்னொரு குர்த்தியோட லாபம் அப்படியே காலி. அதுக்கு மேல அயர்ன் பண்ணி, புதுக் கவர் போடணும்.

இந்தக் குர்த்திக்குப் பல கடைகள்ல இருக்கிற சார்ட் எப்படி இருக்கும்? ‘எம் - 38, எல் - 40, எக்ஸ்எல் - 42’. அவ்வளவுதான். இங்கேதான் சிக்கல். அந்த 40 எதோட அளவு? வாங்குறவங்களோட மார்புச் சுற்றளவா, குர்த்தியோட சுற்றளவா? ஒரு கடையில உடம்பளவைப் போடுறாங்க, இன்னொரு கடையில துணியளவைப் போடுறாங்க. ரெண்டுக்கும் ஒரே தலைப்பு: ‘பஸ்ட்’. மார்பளவு 40 இருக்கிறவங்க துணியளவு 40 இருக்கிற குர்த்தியை வாங்கினா, அது மார்புல இறுகிடும். ஸ்ட்ரெட்ச் இல்லாத துணியில கையைத் தூக்க, உட்கார, மூச்சு விட இடம் வேணும். டெய்லர் ‘லூஸ் விட்டுத் தைக்கிறேன்’னு சொல்றாரே, அந்த லூஸ்தான். இந்த மாதிரி குர்த்திக்கு மார்புல 3 முதல் 4 இன்ச் லூஸ் வச்சா வசதியா இருக்கும்.

அதனால என் சார்ட்ல எப்பவும் ரெண்டு பத்தி இருக்கும். ஒண்ணு ‘உங்க உடம்பு அளவு’, இன்னொண்ணு ‘குர்த்தியோட அளவு’. ஃபேக்டரியில கொடுத்த ஸ்பெக் ஷீட்டை அப்படியே காப்பி பண்றதில்லை. கைக்கு வந்த சரக்கை அளக்கிறேன். குர்த்தியைச் சுருக்கம் இல்லாம மேசையில விரிச்சு, அக்குளுக்கு ஒரு இன்ச் கீழே, இந்தப் பக்கத் தையல்ல இருந்து அந்தப் பக்கத் தையல் வரை அளந்து ரெண்டால பெருக்கணும். ஒவ்வொரு சைஸ்லயும் மூணு பீஸ் அளப்பேன். மூணும் அரை இன்ச் வித்தியாசத்துக்குள்ள இருந்தா சரி. ஒரு பீஸ் ஒண்ணரை இன்ச் குறைஞ்சா அது தையல் பிரச்சினை. அதை விக்காம தைச்ச இடத்துக்கே திருப்பி அனுப்பணும்.

நம்ம குர்த்தியில எல் சைஸ் விரிச்சு அளந்தப்ப 21 இன்ச், அதாவது சுற்றளவு 42. மூணு, நாலு இன்ச் லூஸைக் கழிச்சா, உடம்பளவு 38 முதல் 39 வரை இருக்கிறவங்களுக்கு இது சரி. இதே கணக்குல குர்த்தியளவு 40 இருக்கிற எம், 36-37 உள்ளவங்களுக்கு. 44 இருக்கிற எக்ஸ்எல், 40-41 உள்ளவங்களுக்கு.

மார்பு மட்டும் போதுமான்னா, போதாது. ஸ்ட்ரெய்ட் கட்ல ரெண்டு இடம் பிடிக்கும். ஒண்ணு, ஸ்லிட் ஆரம்பிக்கிற இடத்துல ஹிப். அங்க இறுகினா ஸ்லிட் விரிஞ்சு, முன்பக்கம் மேல தூக்கும். இன்னொண்ணு மேல் கை. மார்பும் ஹிப்பும் சரியா இருந்தும், கை இறுகுதுன்னு திரும்பி வர்ற குர்த்திகள் நிறைய. ஆனா இந்த அளவை சார்ட்ல பார்க்கிறது அபூர்வம். நம்ம எல் சைஸ்ல கைச் சுற்றளவு 14.5 இன்ச். அதனால ‘மேல் கை 13 இன்ச் வரை இருக்கிறவங்களுக்கு வசதி’ன்னு எழுதுறேன்.

அடுத்தது உயரம். ரேயான் துவைச்சா நீளவாக்குல சுருங்கும். எவ்வளவுன்னு ஊகிக்க வேண்டாம், ஒரு பீஸை டெஸ்ட் பண்ணிடலாம். நீளவாக்குல 20 இன்ச் இடைவெளியில ரெண்டு நூல் அடையாளம் போட்டு, வாங்குறவங்க எப்படித் துவைப்பாங்களோ அப்படியே துவைச்சு, காய வச்சு, அயர்ன் பண்ணி அளங்க. 19.5 வந்தா சுருக்கம் 2.5 சதவீதம். 46 இன்ச் குர்த்தி கிட்டத்தட்ட 45 ஆகிடும். ‘நீளம் தோள்ல இருந்து 46 இன்ச், முதல் துவைப்புக்குப் பிறகு சுமார் 45’னு எழுதினா, துவைச்ச பிறகு ‘குட்டையாயிடுச்சு’ன்னு வர்ற புகார் குறையும்.

இதையெல்லாம் சேர்த்து நான் எழுதுற விவரம் இப்படி இருக்கும்:

“ரேயான் துணி, ஸ்ட்ரெட்ச் ஆகாது. லைனிங் இல்லை. வெளிர் நிறங்கள்ல வெளிச்சத்துல லேசா உள்ளே தெரியும், ஸ்லிப் போட்டுக்கங்க. மாடல் உயரம் 5 அடி 6 இன்ச், மார்பளவு 36, போட்டிருப்பது எம். உங்க அளவு ரெண்டு சைஸுக்கு நடுவுல இருந்தா பெரிய சைஸை எடுங்க. சந்தேகம் இருந்தா, உங்களுக்கு நல்லா ஃபிட் ஆகுற, ஸ்ட்ரெட்ச் இல்லாத ஒரு குர்த்தியை விரிச்சு, அக்குளுக்குக் கீழே அளந்து பாருங்க. 21 இன்ச் வந்தா எல்.”

அந்தக் கடைசி வரிதான் ரொம்ப உதவும். தன் உடம்பைத் தானே சரியா அளக்கிறது கஷ்டம். டேப் முதுகுல இறங்கிடும், இல்லன்னா இழுத்துப் பிடிச்சிடுவோம். கட்டில்ல விரிச்ச துணியை யாரும் அளந்துடலாம். நடு சைஸுக்கு வழி சொல்லிட்டா, ரெண்டு சைஸ் ஆர்டர் பண்ணி ஒண்ணைத் திருப்பி அனுப்புற பழக்கமும் குறையும்.

சரி, சார்ட் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? மொத்த ரிட்டர்ன் எண்ணிக்கையை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் டிசைன், சைஸ், காரணம் மூணையும் ஒரு ஷீட்ல எழுதுங்க. வெறும் ‘சைஸ் சரியில்லை’ன்னு எழுதாம, எந்த இடம், டைட்டா லூஸான்னு கேட்டு எழுதணும். எல்லா சைஸ்லயும் ‘மார்பு டைட்’னு வந்தா சார்ட்ல உடம்பளவுப் பத்தி தப்பு, ஒரு படி இறக்கணும். எக்ஸ்எல்லுக்கு மட்டும் ‘கை டைட்’னு வந்தா, சைஸ் ஏறும்போது கை அகலத்தைச் சரியா ஏத்தலை. அது பேட்டர்ன்ல திருத்த வேண்டியது. புதுசா வந்த ஒரு லாட்டுக்கு மட்டும் புகார் வந்தா, அந்த லாட்டைத் திரும்ப அளங்க.

சார்ட்டால தீராத ரிட்டர்னும் உண்டு. கேஷ் ஆன் டெலிவரியில பார்சலைப் பிரிக்காமலே வேண்டாம்னு சொல்லி திரும்பி வர்றதை வேற ஷீட்ல வைங்க. அதை ஆர்டர் வந்ததும் போன் பண்ணி உறுதிப்படுத்தித்தான் குறைக்கணும். ரெண்டையும் கலந்து கணக்குப் போட்டா, நல்ல சார்ட் போட்டும் பலன் இல்லாத மாதிரி தெரியும்.

இந்த வாரம் உங்க கடையில அதிகமா திரும்பி வர்ற ஒரு டிசைனை மட்டும் எடுங்க. ஒவ்வொரு சைஸ்லயும் மூணு பீஸை விரிச்சு அளந்து, இப்ப உங்க பேஜ்ல இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க.