26 எப்படி 31 ஆகிறது?

"சார், கொஞ்சம் ஊதுங்க" என்று இரவில் சாலையோரத்தில் போலீஸ்காரர் நீட்டும் கருவியை நம்மில் பலர் பார்த்திருப்போம். கருவி காட்டும் எண்ணை ஓட்டுநர் ஏற்க மறுத்தாலோ, விபத்தில் அடிபட்டு ஊத முடியாத நிலையில் கிடந்தாலோ ரத்தம் எடுப்பார்கள். சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாயில் அது தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு வைத்திருக்கும் கோடு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். அதைத் தாண்டினால், முதல் முறையே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

30 என்பது மிகச் சிறிய எண். 26 வந்தால் வீட்டுக்குப் போகலாம், 31 வந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது 100 மில்லிக்கு 5 மில்லிகிராம். அந்த ஐந்தை ஆய்வகம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது, எங்கே கோட்டை விடலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ரத்தத்தை அப்படியே இயந்திரத்துக்குள் செலுத்த முடியாது. புரதமும் சிவப்பணுவும் உள்ளே போய்க் கருகி அடைத்துக்கொள்ளும். அதனால் ரத்தத்தைத் தொடாமல், அதன் வாசனையை மட்டும் எடுத்து அளக்கிறார்கள். ரசம் கொதித்து இறக்கிய சட்டியின் மூடியைத் தூக்கியதும் முகத்தில் அடிக்கிறதே, அந்த ஆவிதான் இங்கே சரக்கு. கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ரத்தம், மேலே ரப்பர் மூடி, அதை இறுக்கிப் பிடிக்க அலுமினிய வளையம். ஆய்வகத்தில் இந்தக் குப்பியை 'வயல்' என்பார்கள். நெல் விளைவதோடு இதற்குச் சம்பந்தமில்லை. திரவத்துக்கு மேலே உள்ள காற்றிடம்தான் ஹெட்ஸ்பேஸ். குப்பியைச் சூடாக்கிக் காத்திருந்தால், ஆல்கஹாலில் ஒரு பங்கு திரவத்தை விட்டு மேலே வரும். ஊசி ரப்பரைத் துளைத்து அந்தக் காற்றை உறிஞ்சி, கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியின் நீண்ட, மெல்லிய குழாய்க்குள் அனுப்பும். அதற்குள் மெத்தனால், எத்தனால், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் ஓடி, தனித்தனியே வெளியே வந்து, ஒரு ஹைட்ரஜன் சுடரில் எரியும். எரியும்போது எழும் மின்னோட்டம் திரையில் ஒரு முகடாகத் தெரியும். இந்தச் சுடர் தண்ணீரைக் கண்டுகொள்ளாது என்பது பெரிய வசதி, ஏனென்றால் ரத்தத்திலிருந்து மேலே வரும் ஆவியில் அதிகம் இருப்பது நீராவிதான்.

நுரையீரலும் இப்படி ஒரு குப்பிதான் என்று சொல்லலாம். ரத்தம் கீழே, காற்று மேலே, சூடு சுமார் 37 டிகிரி. ஊதும் கருவி மூச்சில் உள்ளதைப் பல நாடுகளில் 2100 என்ற எண்ணால் பெருக்கி ரத்த அளவைச் சொல்கிறது. ஆனால் மனிதர் எல்லோரும் ஒரே குப்பி அல்ல, அதனால்தான் கண்ணாடிக் குப்பிக்கு மதிப்பு அதிகம்.

இனி சூடு. எத்தனாலுக்குத் தண்ணீரை விட்டுப் பிரிய மனமே வராது. 40 டிகிரியில், ஒரு மில்லி காற்றில் ஒரு பங்கு எத்தனால் இருந்தால், ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 1355 பங்கு இருக்கும். 60 டிகிரியில் இது 511 ஆகக் குறையும், 70-ல் 328, 80-ல் 216. அதாவது 60 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிகிரி ஏறினால் மேலே வரும் ஆவி சுமார் நாலு சதவீதம் கூடிவிடும். காலையில் அளவுகோலுக்கான குப்பிகளை ஓட்டும்போது அடுப்பு 60-ல் நின்று, மதியம் ரத்தக் குப்பியின் போது 61-க்கு ஏறியிருந்தால், 30 என்பது 31-ஐத் தாண்டிவிடும்.

சூடு ஏற ஏற ஆவி கூடுகிறதே, 80 வைத்துவிடலாமே என்று தோன்றும். மாத்திரையில் தங்கிவிட்ட கரைப்பான்களைத் தேடும் மருந்துக் கம்பெனி ஆய்வகங்களில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது சகஜம். ஆனால் மாத்திரை வேறு, ரத்தம் வேறு. சூடான ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமந்திருக்கும் ஆக்சிஜன் எத்தனாலைத் தாக்கி அசிட்டால்டிஹைடாக மாற்றத் தொடங்கும். நீராவி அழுத்தமும் 60-ல் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, இறுக்கம் குறைந்த மூடி வழியே கசியும். ஆகவே 60 டிகிரி, கால் மணி முதல் இருபது நிமிடம் என்பது ரத்தத்துக்கு ஒத்துப்போகும் அளவு. அந்த நேரம் போதுமா என்பதை ஊகித்து வைக்கக் கூடாது. ஒரே கரைசலில் நாலைந்து குப்பி போட்டு, 5, 10, 15, 20 நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். முகடு எங்கே வளர்வதை நிறுத்துகிறதோ, அதற்குப் பிறகுதான் அளவு செல்லும்.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். முகட்டின் பரப்பை மில்லிகிராமாக மாற்ற, எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று நமக்கே தெரிந்த கரைசல்கள் வேண்டும். இவற்றைத் தண்ணீரில்தான் தயாரிப்பார்கள். தண்ணீர் மலிவு, கெடாது, யாருடைய உடம்பிலிருந்தும் வர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் எத்தனால் இருந்தால் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம். ஆனால் கோர்ட்டில் கெட்டிக்கார வக்கீல் ஒருவர் கேட்பார்: "ரத்தத்தை அளக்கத் தண்ணீரை அளவுகோலாக வைத்தால் எப்படி?" நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது.

100 மில்லி ரத்தத்தில் தண்ணீர் சுமார் 85 கிராம்தான். மீதி பெரும்பாலும் புரதம், கொஞ்சம் உப்பு. எத்தனால் தண்ணீரில்தான் கரைந்திருக்கும். அதே எத்தனால் குறைந்த தண்ணீரில் நெருக்கியடித்து இருப்பதால் மேலே கூடுதலாக வரும். உப்பும் கொஞ்சம் வெளியே தள்ளும். 37 டிகிரியில் அளந்து பார்த்ததில், தண்ணீருக்கும் காற்றுக்குமான பங்கீடு சுமார் 2133, ரத்தத்துக்கு 1756. அதாவது ஒரே அளவு எத்தனாலுக்கு, ரத்தத்தின் மேலே நிற்கும் ஆவி தண்ணீரின் மேலே நிற்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

இதன் விலை என்ன என்று கணக்குப் போடுவோம். ஒருவர் ரத்தத்தில் உண்மையில் இருப்பது 26. ஆய்வகத்தில் ஒருவர் அவசரத்தில் ரத்தத்தை அப்படியே ஒரு குப்பியிலும், எத்தனால் கலந்த தண்ணீரை இன்னொரு குப்பியிலும் வைத்து, முகட்டை முகட்டோடு ஒப்பிடுகிறார். அந்த ஐந்தில் ஒரு பங்கு ஏறி, அறிக்கையில் 31 என்று வரும். இயந்திரத்தில் கோளாறு இல்லை, கரைசலில் தப்பு இல்லை. ஆனாலும் ஒரு நிரபராதி குற்றவாளியாகிவிட்டார்.

சரியான வழியில் அதே ரத்தத்தை எடுப்போம். 100 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது ஏறக்குறைய இரண்டு சொட்டு. அதோடு ஒரு மில்லி தண்ணீர். அந்தத் தண்ணீரில் முன்பே அளந்து கலந்த என்-புரோப்பனால். இது சாராயத்தில் பெரிதாக இருக்காது, எத்தனாலின் நெருங்கிய உறவு. அளவுகோல் கரைசல்களையும் இதே போல 100 மைக்ரோலிட்டர் எடுத்து இதே தண்ணீரில் கலக்க வேண்டும். ரத்தம் பதினொரு மடங்கு நீர்த்துவிட்டதால், குப்பியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான். மிஞ்சியிருக்கும் சின்ன வித்தியாசமும், ஒரு டிகிரி சூட்டு ஏற்றமும் எத்தனாலைத் தள்ளுவது போலவே புரோப்பனாலையும் தள்ளும். ஆகவே முகடுகளின் விகிதத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தள்ளல் பெரும்பாலும் கழிந்துவிடும்.

20, 50, 100, 200 மில்லிகிராம் கரைசல்களுக்கு விகிதம் 0.12, 0.30, 0.60, 1.20 என்று நேர்கோட்டில் வருவதாக வைத்துக்கொள்வோம். நம்மவரின் ரத்தத்தை இரண்டு குப்பியில் தனித்தனியாக எடுத்ததில் 0.154, 0.158. கணக்குப்படி 25.7, 26.3. சராசரி 26. அவர் வீட்டுக்குப் போகலாம். இடையில், எத்தனால் அளவு தெரிந்த ரத்தம் ஒரு குப்பி ஓட்டியிருக்க வேண்டும். அதற்கு 80 என்று எழுதியிருந்து நமக்கும் 79, 81 என்று வந்தால்தான், தண்ணீர் அளவுகோல் ரத்தத்துக்குப் பொருந்துகிறது என்று வக்கீலுக்குப் பதில் சொல்ல முடியும்.

புரோப்பனால் ஒரு காவல்காரரும்கூட. எல்லாக் குப்பியிலும் அதன் அளவு ஒன்றுதான், ஆகவே அதன் பரப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு குப்பியில் மட்டும் பாதியாக விழுந்தால் மூடி கசிந்திருக்கிறது. ஆனால் இந்தக் காவல்காரருக்கு ஒரு கண் தெரியாது. ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால் பிப்பெட் நுனியில் கட்டி சிக்கும். 100 மைக்ரோலிட்டருக்குப் பதில் 80 தான் போகும். புரோப்பனால் அதன் பாட்டுக்குச் சரியாகவே நிற்கும், எத்தனால் மட்டும் குறையும். விகிதம் அழகாகப் பொய் சொல்லும். நான் மேசையில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு முறை முதல் குப்பியில் 41, இரண்டாவதில் 33 என்று வந்தது. புரோப்பனால் இரண்டிலும் ஒன்று போல. குழாயைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் மொச்சைக்கொட்டை அளவு கட்டி. உடைத்துக் கலக்கி மறுபடி எடுத்த பிறகுதான் இரண்டும் ஒன்றாக வந்தன. இரண்டு குப்பி எடுப்பது சம்பிரதாயத்துக்கு அல்ல, இதற்காகத்தான்.

குழாயில் போடும் சோடியம் ஃபுளூரைடு பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் புளித்துப் புதிதாக ஆல்கஹால் உண்டாகாமல் தடுக்கத்தான் அதைப் போடுகிறார்கள். அதுவும் உப்பாயிற்றே, ஆவியைத் தள்ளி எண்ணைக் கூட்டிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தள்ளும்தான். ஆனால் எத்தனாலைவிடப் புரோப்பனாலைக் கூடுதலாகத் தள்ளும், ஆகவே விகிதம் குறையும். பிழை நேர்ந்தால் அது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகவே விழும். எதிரில் இருப்பவருக்கு இது பிடிக்காத பதில், ஆனால் உண்மை அதுதான்.

உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி ஓர் அறிக்கை வந்தால், கடைசி வரியில் இருக்கும் ஒற்றை எண்ணோடு நிற்காதீர்கள். இரண்டு குப்பிகளின் எண்களையும், புரோப்பனால் பரப்புகளையும், அளவு தெரிந்த ரத்தத்துக்கு அன்றைக்கு வந்த எண்ணையும் வக்கீல் மூலம் கேளுங்கள். 31 என்று வந்த அறிக்கையில் இந்த மூன்றும் இல்லையென்றால், அந்த 31-ஐ நம்ப வேண்டியதில்லை.