வலப்பக்கம் நின்று பார்த்தால்

இருகிளை மரத்தின் வேர் 1. அதன் இடப்பிள்ளை 2, வலப்பிள்ளை 3. இரண்டின் வலப்பிள்ளை 5. மூன்றுக்குப் பிள்ளைகள் இல்லை. வலப்புறம் நின்று பார்த்தால் எவை தெரியும்?

வலக்கிளையிலேயே இறங்குபவர் 1, 3 என்று நிறுத்திவிடுவார். அது தவறு. மூன்றாம் மட்டத்தில் 5 மட்டுமே இருக்கிறது. அதை மறைக்க எதுவும் இல்லை. எனவே சரியான விடை 1, 3, 5. இடப்புறக் காட்சி 1, 2, 5. ஐந்து இரு பக்கமும் தெரிகிறது.

கணினியில் இதற்கு ஒரு வரிசை போதும். ஒவ்வொரு மட்டத்தையும் தொடங்கும்போதே வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு, அத்தனை பேரை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது அவரவர் பிள்ளைகளை, இடம் முதலில், வலம் அடுத்து என, வரிசையின் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலில் வந்தவர் இடக்காட்சி. கடைசியில் வந்தவர் வலக்காட்சி. முன்பே எண்ணாவிட்டால் மட்டங்கள் கலந்துவிடும்.