துணிவும் தாங்கும் சக்தியும்
முதலீட்டு வினாத்தாள் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது?

யூனிட் டிரஸ்ட் வாங்க எண்ணி ஒரு முகவரை நாடுகிறவரிடம், பணத்தைப் பெறுமுன் ஒரு தாள் நீட்டப்படுகிறது. வயது என்ன, வருமானம் எவ்வளவு, பணம் எத்தனை ஆண்டு முடங்கிக் கிடக்கலாம், விலை சரிந்தால் என்ன செய்வீர் என்று அது வினவும். விடைகளுக்கு மதிப்பெண் உண்டு. அவற்றைக் கூட்டி, வந்தவர் அடக்கமானவரா, நடுத்தரமானவரா, துணிந்தவரா என்று முத்திரை குத்துவார்கள். இதனை இடர் வினாத்தாள் எனலாம்.

மலேசியாவில் இத்தகைய தாள் முகவரின் சொந்த விருப்பத்தால் வந்ததன்று. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத முதலீடுகளை விற்போர், அவை வாங்குபவருக்குப் பொருந்துமா என்று முதலில் மதிப்பிட வேண்டும் என, செக்யூரிட்டிஸ் கமிஷன் 2012 டிசம்பரில் வெளியிட்ட விற்பனை நெறிமுறைகள் விதித்தன. வாங்குபவரைக் காப்பதே அவ்விதியின் நோக்கம். ஆனால் அத்தாள் உண்மையில் எதை அளக்கிறது? ஜொகூர் வாசிகளுக்கு இக்கேள்வி ஏட்டுக் கேள்வியன்று. 2020-ஆம் ஆண்டு அதற்கு ஒரு கடுமையான சோதனை வைத்தது.

மதிப்பெண் பிறக்கும் விதம்

ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். ஸ்கூடாயில் வசிக்கும் 42 வயதுள்ள ஒருவர், நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். மாதச் சம்பளம் 2,800 சிங்கப்பூர் வெள்ளி. 2020 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறக்குறைய 3 மலேசிய வெள்ளி கிடைத்ததால், இது 8,400 வெள்ளியாகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய், வீட்டுக் கடன் எல்லாம் சேர்ந்து மாதச் செலவு 4,500 வெள்ளி. கையிலிருக்கும் சேமிப்பு 60,000 வெள்ளி.

அவர் நிரப்பும் தாளில் ஏழு வினாக்கள் என்றும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்றும் கொள்வோம். வயதுக்கு 4. வருமானத்துக்கு 4. பத்தாண்டு விட்டுவைக்கலாம் என்றதற்கு 4. முன் அனுபவம் உண்டு என்றதற்கு 4. பணம் பெருக வேண்டும் என்ற குறிக்கோளுக்கு 4. 'ஓராண்டில் 20 விழுக்காடு சரிந்தால் என்ன செய்வீர்?' என்பதற்குக் 'காத்திருப்பேன்' என்றார், அதற்கும் 4. கடன் சுமைக்கு 3. ஆக மொத்தம் 35-க்கு 27. இத்தாளில் 15 முதல் 24 வரை நடுத்தரம். 25-க்கு மேல் துணிந்தவர். நம்மவர் துணிந்தவராகிவிட்டார். அவருடைய பணத்தில் 48,000 வெள்ளி பங்குகளை வாங்கும் நிதிக்குப் போகிறது. 12,000 வெள்ளி வங்கியில் நிற்கிறது.

ஏழு விடைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆயினும் கூட்டுத்தொகை ஐயத்துக்கு இடமளிக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு பொருளை ஒரே தராசில் நிறுத்தல்

நட்டம் கண்டு கலங்காத மனம் ஒன்று. நட்டம் வந்தாலும் குடும்பம் தள்ளாடாத நிலை மற்றொன்று. முன்னதைத் துணிவு என்றும், பின்னதைத் தாங்கும் சக்தி என்றும் அழைப்போம். ஓட்டாண்டிக்கும் துணிவு இருக்கலாம். செல்வந்தனுக்கும் அச்சம் இருக்கலாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய இயலாது. ஆனால் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கும்போது அதுதான் நிகழ்கிறது.

மேற்கண்ட தாளில் மனத்தைப் பற்றி நேராகக் கேட்கும் வினா ஒன்றே ஒன்று. நம்மவர் 'எல்லாவற்றையும் விற்றுவிடுவேன்' என்று எழுதி 1 பெற்றிருந்தாலும் மொத்தம் 24 வரும். இரவில் தூக்கம் வராத மனிதர் வயதின் பலத்தாலும் சம்பளத்தின் பலத்தாலும் நடுத்தரமானவர் என்ற வகுப்பில், அதுவும் அதன் மேல் விளிம்பில், அமர்ந்துவிடுவார். இரண்டையும் தனித்தனியே அளந்து, எது குறைவோ அதன்படி நடப்பதே முறை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரிட்டனில் நிதிச் சேவைகளைக் கண்காணித்த அமைப்பு, ஆலோசகர்கள் கையாண்ட 11 இடர் அளவுகோல்களை ஆராய்ந்து, அவற்றுள் 9 கோல்கள் சில சூழ்நிலைகளில் தவறான முடிவைத் தரக்கூடியவை என்று 2011-இல் அறிவித்தது. நன்கு செய்யப்பட்ட கோல்களும் உண்டு. அமெரிக்காவில் கிரேபிள், லிட்டன் என்ற இரு அறிஞர்கள் 1999-இல் வெளியிட்ட கோலில் மனப்போக்கை அறிவதற்காகவே 13 வினாக்கள் அமைந்தன. பல வினாக்களை வைத்து ஒன்றையே அளந்தால், ஒரு வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் பிற வினாக்கள் திருத்திவிடும். ஒற்றை வினாவுக்கு அத்துணை இல்லை.

அனுபவம் என்னும் சொல்

நான்காம் வினாவை மறுபடி நோக்குங்கள். நம்மவர் ஐந்தாண்டுகளாக அமானா சஹாம் மலேசியாவில் பணம் போட்டு வருகிறவர். அதுவும் யூனிட் டிரஸ்டுதான். ஆகவே 'அனுபவம் உண்டு' என்று கோடிட்டது சரியே. ஆனால் அந்நிதியில் ஒரு யூனிட்டின் விலை 1 வெள்ளி என்று நிலைநிறுத்தப்பட்டது. ஆண்டுதோறும் வருமானப் பங்கு கூடும், குறையும். போட்ட முதல் கணக்குப் புத்தகத்தில் குறைந்து தோன்றாது. பங்கு நிதியிலோ விலை அன்றாடம் மாறும்.

எனவே அவருக்கு இருப்பது யூனிட் டிரஸ்ட் அனுபவம். சரிவு கண்ட அனுபவம் அன்று. தாள் இவ்விரண்டையும் பிரித்தறியவில்லை. அந்த விடைக்கு 4-க்குப் பதில் 1 கொடுத்தால் மொத்தம் 24 ஆகும், துணிந்தவர் நடுத்தரமானவராகிவிடுவார். ஒரு சொல்லின் பொருளில் ஒருவருடைய வகுப்பே மாறுகிறது. மதிப்பெண் எல்லைக்கோட்டருகில் நிற்கும்போதெல்லாம் இந்த ஐயம் எழ வேண்டும்.

பாலம் மூடிய நாள்

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாள்தோறும் சிங்கப்பூருக்குச் சென்று திரும்பும் வழி அடைபட்டது. மறுநாள், மார்ச் 19, கோலாலம்பூர் பங்குச் சந்தையின் குறியீடு 1,219-க்கு இறங்கியது. 2019 இறுதியில் அது 1,588 ஆக இருந்தது. ஏறத்தாழ 23 விழுக்காடு சரிவு. வேலைக்குப் போகும் வழி மூடிய நாளும் சேமிப்பு தேய்ந்த நாளும் அடுத்தடுத்து வந்தன.

நம்மவர் ஊரிலேயே தங்கிவிட்டார், சம்பளமும் நின்றுவிட்டது என்று கொள்வோம். அவருடைய நிதி குறியீட்டோடு ஒத்து இறங்கியிருந்தால், 48,000 வெள்ளியில் 11,040 வெள்ளி குறைந்து 36,960 நிற்கும். வங்கியிலுள்ள 12,000 வெள்ளி, மாதம் 4,500 செலவுக்கு மூன்று மாதம்கூட வராது. ஜூன் நடுவில் அது தீரும். அதன்பின் சந்தை எந்த நிலையில் இருந்தாலும், மாதாமாதம் விற்றே ஆக வேண்டும்.

'காத்திருப்பேன்' என்று அவர் எழுதியது உண்மையான விடை. ஆனால் காத்திருப்பது மனத்தால் மட்டும் ஆவதன்று. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் குறியீடு 1,627-இல் முடிந்தது. காத்திருக்க வசதி பெற்றவர் இழந்ததை மீட்டார். அவ்வளவு விரைவில் மீண்டது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் 1,500-ஐத் தாண்டியிருந்த அதே குறியீடு அக்டோபரில் 830-க்கும் கீழே விழுந்தபோது, பழைய நிலைக்கு வர 2010-இன் பிற்பகுதி வரை சென்றது. பாலமோ 2022 ஏப்ரல் 1 அன்றுதான் முழுமையாகத் திறந்தது.

தாள் அவருடைய வருமானம் எவ்வளவு என்று கேட்டது. அது எங்கிருந்து வருகிறது, எதனால் நின்றுபோகும், அது நிற்கும் வேளையில் முதலீடும் சரியுமா என்று கேட்கவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து எல்லை தாண்டி உழைப்பவருக்கு இதுவே முதல் வினாவாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் செல்பவருக்கு அதுவும் இல்லை. தாமாகச் செலுத்தினாலன்றி இங்கே ஊழியர் சேமநிதியும் வளராது. ஆகவே, அந்த 60,000 வெள்ளியே அவருக்கு அவசரப் பணமும் முதுமைப் பணமும். அதே சம்பளம் இங்கே வாங்கும் அரசாங்க ஊழியருக்கு அதே 27 மதிப்பெண் வரலாம். இருவருடைய தாங்கும் சக்தியோ ஒன்றன்று.

தாளுக்கு அப்பால் நிற்பவர்

இன்னொன்றும் உண்டு. கனடாவில் ஆலோசகர்களையும் அவர்களுடைய வாடிக்கையாளர்களையும் ஆராய்ந்த நான்கு பொருளியல் அறிஞர்களின் கட்டுரை 2017-இல் வெளிவந்தது. பணத்தில் எவ்வளவு பங்கு பங்குச் சந்தைக்குப் போகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதல்லவா? அவ்வேறுபாட்டில், வாடிக்கையாளரின் வயது, வருமானம், இடர் மனப்போக்கு முதலிய எல்லாம் சேர்ந்து விளக்கியது 12 விழுக்காடுதான். ஆலோசகர் யார் என்பதையும் சேர்த்துக்கொண்டபோது அது 30 விழுக்காடாயிற்று. தம் சொந்தப் பணத்தை மிகுதியாகப் பங்குகளில் போடும் ஆலோசகர், வாடிக்கையாளரையும் அவ்வழியே நடத்தினார். தாளில் பதிந்தது ஒருவர் கையெழுத்து. முதலீட்டில் தெரிந்தது மற்றொருவர் மனம்.

இதனால் வினாத்தாள் வீண் என்று ஆகாது. பதில்களை எழுத்தில் பதிப்பதால் பின்னொரு நாள் வழக்கு வந்தால் சான்று உண்டு. மிகவும் அஞ்சுகிறவரையும் மிகவும் துணிந்தவரையும் அது ஓரளவு பிரித்துக் காட்டும். நடுவில் நிற்கும் பெரும்பாலோரிடத்தேதான் அது தடுமாறுகிறது.

ஆகவே தாளை நிரப்புகிறவர், அதன் பின்பக்கத்தில் நான்கு விடைகளைத் தம் கையாலேயே எழுதிக்கொள்வது நலம். சம்பளம் இன்று நின்றால், முதலீட்டைத் தொடாமல் எத்தனை மாதம் குடும்பம் நடக்கும்? சம்பளத்தை நிறுத்தும் அதே காரணம் முதலீட்டையும் சரிக்குமா? தாளில் கேட்கப்படாத கடன், சீட்டு, உறவினருக்கு எழுதிக் கொடுத்த ஜாமீன் எவ்வளவு? '20 விழுக்காடு' என்பது தம் கணக்கில் எத்தனை வெள்ளி, அது எத்தனை மாதச் செலவு?

நம் உதாரண மனிதருக்கு முதல் விடை இரண்டரை மாதம். நான்காம் விடை, பங்கு நிதியில் மட்டும், 9,600 வெள்ளி, அதாவது இரண்டு மாதச் செலவுக்கும் மேல். இவற்றை எழுதியிருந்தால், ஆறு மாதச் செலவாகிய 27,000 வெள்ளியை முதலில் வங்கியில் ஒதுக்கிவிட்டு, மீதி 33,000 வெள்ளியைப் பற்றி மட்டுமே அவரும் முகவரும் பேசியிருப்பார்கள். அப்போது 27 என்ற மதிப்பெண் அந்த மீதிப் பணத்துக்கு மட்டும் பொருந்தியிருக்கும்.