கோப்பை தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள்

மத்தியானச் சாப்பாடு முடிந்து நாற்கரச் சாலையில் ஏறி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஒரு மணியோசை. டாஷ்போர்டில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை ஒன்று தெரிகிறது. 'எனக்கா தூக்கம்?' என்று ஓட்டுநருக்குக் கோபம்கூட வரும். ஏதோ கேமரா தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. சில புதிய கார்களில் அப்படிக் கேமராவும் இருக்கிறது. ஆனால் 2009இல் மெர்சிடிஸ் பென்ஸிலும், 2010இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக ஃபோக்ஸ்வேகன் பஸாட்டிலும் வந்த ஏற்பாடு முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத்தான் கவனித்தது. இன்றும் ஏராளமான கார்களில் அதே முறைதான்.

நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். காற்று லேசாகத் தள்ளும், சாலை ஒருபக்கம் சரிந்திருக்கும். நாம் அறியாமலேயே இந்தப் பக்கம் ஒரு டிகிரி, அந்தப் பக்கம் அரை டிகிரி என்று திருத்திக்கொண்டே போவோம். தூக்கம் வரும்போது முதலில் நிற்பது இந்தச் சின்னத் திருத்தங்கள்தான். கொஞ்ச நேரம் கை சும்மா இருக்கும். வண்டி மெல்ல ஒதுங்கும். கோடு நெருங்குவது கண்ணில் பட்டதும் வெடுக்கென்று ஒரு திருப்பு. அந்த அமைதியும் அதைத் தொடரும் வெடுக்கும் சேர்ந்து வருவதுதான் அடையாளம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியின் ஆட்டோபானில் ஒரு தடம் சுமார் 3.75 மீட்டர் அகலம். காரின் அகலம் 1.8 மீட்டர் என்றால், நட்டநடுவில் போகும் காருக்கு இருபுறமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இடம் இருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. வண்டியின் மூக்கு ஒரே ஒரு டிகிரி விலகியிருந்து, கை இரண்டு நொடி சும்மா இருந்தால் போதும், சக்கரம் கோட்டைத் தொட்டுவிடும். விழித்திருப்பவர் அதில் பாதி தூரம்கூட விலகவிடமாட்டார்.

இதை அளக்கும் கருவி புதிதல்ல. சறுக்கும் வண்டியை நிலைநிறுத்தும் இஎஸ்பி-க்காக ஸ்டியரிங் தண்டில் ஏற்கெனவே ஒரு கோண உணரி இருக்கிறது. பாஷ் முறையில் அதன் அளவு நொடிக்கு 100 தடவை படிக்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்தது மென்பொருள் மட்டும்தான். எவ்வளவு நேரமாக ஓட்டுகிறீர்கள், மணி என்ன, இண்டிகேட்டர் எப்படிப் போடுகிறீர்கள் என்பதையும் அது சேர்த்துப் பார்க்கும்.

எனக்கு இதில் பிடித்தது, கார் உங்களை வேறு யாரோடும் ஒப்பிடுவதில்லை என்பதுதான். சிலர் இயல்பாகவே முரட்டுத்தனமாகத் திருப்புவார்கள். அதனால் பயணத்தின் முதல் சில நிமிடங்களில் உங்கள் கையின் பழக்கத்தைப் படித்து வைத்துக்கொள்கிறது. பிறகு வருவதையெல்லாம் அதோடு ஒப்பிடுகிறது. இதன் பலவீனமும் இங்கேயே இருக்கிறது. இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியற்காலை ஸ்டியரிங்கைப் பிடித்தால், சோர்ந்த கையே அளவுகோலாகிவிடும். கோப்பை தாமதமாக வரலாம், வராமலும் போகலாம்.

மெதுவான வேகத்தில் இது பேசாது. பஸாட்டில் 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் கணிப்பு. குண்டும் குழியுமான சாலை, வளைவுகள், பலத்த பக்கக்காற்று எல்லாம் அதைக் குழப்பும். பள்ளத்தையும் மாட்டையும் தவிர்த்துத் தவிர்த்து ஓட்டும் நம் ஊர்ச் சாலைகளில் எத்தனை திருப்பு தூக்கத்தால் வந்தது என்று பிரிப்பது லேசல்ல. தடம் மாறாமல் தானே திருப்பும் வசதியை இயக்கிவிட்டாலும் சிக்கல்தான்: திருத்துவது கார், கை அல்ல. கேமராவின் தேவை கூடியதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, கண்ணிமைக்கும் நேரக் குட்டித்தூக்கத்தை இது பிடிக்காது. படிப்படியாகக் கூடும் சோர்வைத்தான் அறியும்.

சரி, கோப்பை வந்துவிட்டது. காபி குடித்தால் போதுமா? அது வேலைசெய்ய அரைமணி நேரம் வரை ஆகும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் ஹார்ன், லூயிஸ் ரெய்னர் இருவரும் 1990களில் செய்த சோதனைகளில், காபி குடித்த கையோடு கால்மணி நேரம் கண் அயர்வது நன்றாகப் பலன் தந்தது. கண்ணாடியை இறக்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் அவ்வளவாக உதவவில்லை.

பெரும்பாலான கார்களில் இன்ஜினை அணைத்தாலோ, சீட் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தாலோ கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். இறங்கி முகம் கழுவிவிட்டு உடனே ஏறினால், ஓய்வெடுத்துவிட்டீர்கள் என்று கார் நம்பிவிடும். அதே சோர்ந்த கையை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கும். அந்த நிமிடங்களில் கோப்பை கண்ணில் படாது.