"நல்லா இருக்கு, பணம் கொடுத்துடலாம்" போதுமா?

சாஃப்ட்வேர் வேலைக்கான பணம் கட்டம் கட்டமாகத்தான் போகும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் ஒரு ஏற்புக் குறிப்பு எழுதுகிறார். அதை வைத்துத்தான் கணக்குப் பிரிவு பில்லைப் பாஸ் செய்கிறது. பல இடங்களில் அந்தக் குறிப்பு இப்படி இருக்கும்:

"ஸ்டாக் மாட்யூல் பார்த்தோம். திருப்தி. சின்னச் சின்ன விஷயங்கள் பாக்கி. பணம் விடுவிக்கவும்."

ஒரு ஜவுளி மொத்த வியாபாரி இதை எழுதியதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டத்துக்கான பில் 3 லட்சம் ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சாஃப்ட்வேரைக் கண்ணாலும் பார்க்காத கணக்காளர் எவ்வளவு விடுவிப்பார்? "சின்னச் சின்ன விஷயங்கள்" எவை என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால், இரண்டு தரப்பும் இரண்டு பட்டியல் சொல்லும். என் கணிப்பில் மிக ஆபத்தான வரி அதுதான். குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறது, ஆனால் எந்தக் குறையையும் சொல்லவில்லை.

அதையே இப்படி எழுதலாம்:

"ஒப்பந்தத்தின் 2-ஆம் கட்டமான ஸ்டாக் மாட்யூல் (பதிப்பு 1.4) மார்ச் 1 அன்று ஒப்படைக்கப்பட்டது. 3 முதல் 7 வரை சோதித்தோம். 42 சோதனைகளில் 40 சரி. குறைகள் இரண்டு: திரும்பி வந்த சரக்கு இருப்பில் ஏறவில்லை, பார்கோடு ஸ்டிக்கரில் விலை பாதி அச்சாகிறது. மார்ச் 21-க்குள் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தப்படி 30,000 ரூபாயை நிறுத்தி, 2,70,000 ரூபாயையும் பில்லில் உள்ள முழு ஜிஎஸ்டியையும் விடுவிக்கலாம். இந்த ஏற்பு மற்ற மாட்யூல்களுக்குப் பொருந்தாது."

இப்போது கணக்காளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வருமான வரிப் பிடித்தத்தை மட்டும் கழித்துக்கொள்வார். ஆனால் தொகையை நிறுத்தி வைக்கும் உரிமை ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஏற்புக் குறிப்பில் புது நிபந்தனையை நுழைத்தால் அது சண்டையில்தான் முடியும்.

தேதிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை செய்தவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் கெடு 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதா மாதம் ஏறும்.

ஏற்பு நாள் எது? ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்பு நாளாகிவிடும். தந்திருந்தால், குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. மேலே உள்ள வியாபாரிக்கு அந்தக் கெடு மார்ச் 16. குறையை போனில் சொல்லிவிட்டு ஏப்ரலில் குறிப்பு எழுதினால், திரும்பி வந்த சரக்கு இருப்பில் ஏறாமலே இருந்தாலும், பணத்துக்கான நாள் மார்ச் 1-லிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.