மணிக்கூண்டு, மதியம் 12

போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நண்பரைக் கோவையில் பார்க்க வேண்டும்; எங்கே, எத்தனை மணிக்கு என்று பேசவேயில்லை. எங்கே போவீர்கள்?

தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர், நியூயார்க்கை வைத்து இதே கேள்வியைச் சிலரிடம் கேட்டார். பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன இடம் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுண்டர். நேரமோ, கிட்டத்தட்ட எல்லோருக்கும் மதியம் 12 மணி! 1960-ல் வந்த தம் நூலில் இதை எழுதினார். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இங்கே உங்களுக்குப் பிடித்த பேக்கரி உதவாது. ‘நான் எங்கே வருவேன் என்று அவர் நினைப்பார்?’ என்று நீங்கள் யோசிக்க, அவரும் அதையேதான் யோசிப்பார். இருவர் மனதிலும் தானாக வந்து நிற்கும் இடமே குவிமையம்.

“காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுங்க” என்பீர்கள். அங்கேதான் சிக்கல். டவுன் பஸ்ஸுக்கு ஒன்று, வெளியூர் பஸ்ஸுக்கு ஒன்று என அங்கே நிலையங்கள் தனித்தனி. ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே நின்று கால் கடுக்கும். பெயர் பெரிதாக இருந்தால் போதாது, ஒன்றே ஒன்றாகவும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் டவுன்ஹால் மணிக்கூண்டு தேவலாம். வெளியூர்க்காரருக்கு அது தெரியாதே என்கிறீர்களா? அப்படியென்றால் கோவை ஜங்ஷன்தான்!